ரோஜாப் படமும் காலை வணக்கமும்: குடும்பக் குழுவில் ஒரு பூ என்ன வேலை செய்கிறது?

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அத்தை ஒரு ரோஜா அனுப்புவார். ஐந்தே முக்காலுக்குப் பெரியப்பா, ஆவி பறக்கும் காபிக் கோப்பையும் அதன் பக்கத்தில் இரண்டு செம்பருத்தியும். ஏழு மணிக்குள் பத்துப் படங்கள் சேர்ந்துவிடும். அதே குடும்பத்துப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும் இருக்கும் இன்னொரு குழுவில், அந்தப் பத்துப் படங்களையும் வைத்து மீம் ஓடிக்கொண்டிருக்கும். கேலி செய்கிறவர்களே, அத்தையின் படம் இரண்டு நாள் வராவிட்டால் "அத்தைக்கு என்னாச்சு?" என்று கேட்பார்கள். இந்தப் பாசமும் கேலியும் வேறு வேறு காரணங்களால் வருபவை அல்ல. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அந்தப் படத்தில் செய்தி என்று எதுவும் கிடையாது.

தமிழ் வீட்டுக்குள் "காலை வணக்கம்" என்று சொல்லும் வழக்கமே இல்லை. மேடையில் சொல்வோம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்போம், பள்ளியில் ஆசிரியருக்குச் சொல்வோம். கூடப்பிறந்த தங்கையைப் பார்த்து யாரும் "காலை வணக்கம்" என்பதில்லை. சொன்னால் அவள் பயந்துவிடுவாள். அதற்குப் பதில் "எழுந்தாச்சா?", "காபி குடிச்சாச்சா?", "என்ன சமையல்?" என்று கேட்போம். கேட்பவருக்குப் பதில் முக்கியமில்லை. ரசம் வைத்தாலும் சாம்பார் வைத்தாலும் ஒன்றுதான். நீ இருக்கிறாய், நான் இருக்கிறேன் என்பதுதான் விஷயம். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் இந்த வகைப் பேச்சுக்குத் தனிப் பெயரே கொடுத்தார். தகவல் சொல்வதற்காக அல்லாமல், உறவு அறுந்துபோகாமல் இருக்கவே பேசப்படும் பேச்சு அது.

ஒரே கூடத்தில் இருக்கும்வரை இதற்குக் குரல் போதும். அண்ணன் கோவையிலும் தங்கை சிங்கப்பூரிலும் சித்தி திருநெல்வேலியிலும் இருக்கும்போது, தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு "காபி குடிச்சாச்சா?" என்று கேட்க முடியாது. கூப்பிட்டால் இருபது நிமிடம் போகும், அந்த நேரம் எதிர்முனையில் பஸ் பிடிக்கும் நேரமாக இருக்கும். எழுதி அனுப்பலாம் என்றால், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பலருக்குத் தொடுதிரையில் தமிழ் தட்டுவது பெரும் பாடு. கண்ணாடி வேண்டும், மெய்யெழுத்துக்குப் புள்ளி தேட வேண்டும். வேறொரு குழுவில் வந்த பூவை அழுத்திப் பிடித்து, அம்புக்குறியைத் தொட்டு, குழுவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. எழுத்தறிவு குறைந்த பாட்டிகூட இதைச் செய்ய முடியும், செய்கிறார்கள். குடும்பப் பேச்சில் தானும் ஒரு குரலாகச் சேர அவர்களுக்குக் கிடைத்த முதல் வழி பல வீடுகளில் இதுதான்.

ஏன் பூ? சாமி படம் எல்லோருக்கும் பொருந்தாது. மருமகள் கிறிஸ்தவராக இருக்கலாம், குடியிருப்புக் குழுவில் பல மதத்தினர் இருப்பார்கள். பொன்மொழி போட்டால், யாரையோ குத்திக் காட்டுவதாக ஒருவர் எடுத்துக்கொள்வார். குடும்பக் குழுக்களில் "நன்றி மறப்பவர்கள்" பற்றிய ஒரு வாசகம் எத்தனை மனத்தாங்கலைக் கிளப்பும் என்பது குழு நடத்தியவர்களுக்குத் தெரியும். அரசியல் வேண்டவே வேண்டாம். பூவுக்குக் கட்சி இல்லை, பங்காளிச் சண்டை இல்லை. மங்கலமானது என்பதில் யாருக்கும் மறுப்பும் இல்லை. வாசலில் கோலம் போட்டு நடுவில் பரங்கிப்பூ வைப்பவர்களுக்கும், சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று பழகியவர்களுக்கும் காலை என்றாலே பூ. ஆனாலும் இந்தப் படங்களில் மல்லிகையும் கனகாம்பரமும் அரிதாகவே வருகின்றன. ரோஜா, துலிப், சூரியகாந்திதான் அதிகம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பூப்படங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தோட்டங்களில் எடுக்கப்பட்டவை என்பதுதான் காரணம்.

நேரடியாகச் சாமி படம் அனுப்பும் குழுக்களில் கிழமைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் தட்சிணாமூர்த்தி அல்லது சாய்பாபா, வெள்ளி அம்மன், சனி பெருமாள் அல்லது ஆஞ்சநேயர். தாய்லாந்தில் இதே பழக்கம் லைன் செயலியில் கிழமைக்கு ஒரு நிறமாக நடக்கிறது. திங்களுக்கு மஞ்சள் பூ, செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, புதனுக்குப் பச்சை என்று அங்குள்ள பெரியவர்கள் அனுப்புகிறார்கள். தைவானில் தாமரைப் படத்தின்மேல் காலை வாழ்த்து எழுதி அனுப்புவதற்கு "பெரியவர்கள் படம்" என்று பொருள்படும் ஒரு சொல்லே இருக்கிறது. அங்கேயும் பேரப்பிள்ளைகள் அதைக் கேலி செய்யத்தான் செய்கிறார்கள். எனவே இது நம் வீட்டுப் பெரியவர்களின் தனிக் குணம் அல்ல.

இனி, அந்தப் படம் செய்யும் உண்மையான வேலை. அது வருகைப்பதிவு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர் ஒருவர் தினமும் ஆறு மணிக்குள் பூ அனுப்புகிறார் என்றால், நேற்றிரவு தூங்கினார், இன்று எழுந்தார், கண்ணும் கையும் சரியாக இருக்கின்றன, போனில் சார்ஜ் இருக்கிறது, நெட் பேக் தீரவில்லை என்ற அத்தனையும் அந்த ஒரு படத்தில் அடங்கிவிடும். "நல்லா இருக்கீங்களா?" என்று தினமும் கேட்டால் பெரியவருக்கு எரிச்சல் வரும், நோயாளியைப் போல நடத்துகிறார்கள் என்று தோன்றும். பூ அனுப்பும்போது அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார், அதுவும் வாழ்த்துகிறவர் என்ற நிலையில் இருந்துகொண்டு. அவருக்கு அதில் இருக்கும் கௌரவத்தை இளையவர்கள் பலர் கவனிப்பதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதே படம் வேறு நேரத்தில் போய்ச் சேரும். சென்னையில் காலை 6 மணிக்கு அனுப்பிய பூ சிங்கப்பூரில் 8.30க்கு அலுவலகம் போகும் வழியில் வரும், துபாயில் 4.30க்கு. லண்டனில் அப்போது குளிர்காலமானால் நள்ளிரவு 12.30. டொரண்டோவில் முந்தைய நாள் இரவு 7.30, கோடைகாலமாக இருந்தால் 8.30. இரவுச் சாப்பாட்டின்போது "இந்த நாள் இனிய நாளாகட்டும்" வந்து நிற்கிறது. கேலிக்கு இது பெரிய தீனி. ஆனால் டொரண்டோவில் இருக்கும் மகளுக்கு அது வேறொன்றையும் சொல்கிறது: அம்மா எழுந்துவிட்டாள், இப்போது கூப்பிடலாம்.

கேலி தொடங்கும் இடம் எண்ணிக்கை. அத்தை அந்த ரோஜாவை அனுப்பும்போது அவர் மனதில் நாலைந்து முகங்கள்தான் இருக்கும். குழுவில் இருப்பதோ 42 பேர். அவர்களில் 12 பேர் தினமும் படம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படமும் மற்ற 41 பேருக்கும் போகிறது, ஆக ஒரு காலையில் 492 முறை ஒரு பூ யாரோ ஒருவர் போனில் இறங்குகிறது. அதற்குமேல் ஆளுக்கொரு கும்பிடு, கட்டைவிரல். ஒருவருக்காக வைத்திருந்த அன்பு, பொதுச் சுவரொட்டியாகப் போய்ச் சேருகிறது. பெறுகிறவருக்கு "இது எனக்காக வந்தது" என்ற உணர்வு கிடைப்பதில்லை. அனுப்பியவருக்கோ அது தெரியாது. இந்த இடைவெளியில்தான் எல்லா மீம்களும் பிறக்கின்றன.

இடக் கணக்கையும் பார்த்துவிடலாம். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் ஒரு படத்தைச் சுமார் 150 கேபி என்று எடுத்துக்கொண்டால், 12 படத்துக்கு நாளொன்றுக்கு 1.8 எம்பி, மாதம் 54 எம்பி. ஒருவர் இப்படி ஆறு குழுக்களில் இருந்தால் மாதம் 324 எம்பி, ஆண்டுக்கு ஏறக்குறைய 4 ஜிபி. 16 ஜிபி போனில் இயங்குதளமும் செயலிகளும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் பாதி பூவுக்குப் போய்விடும். பூ அசையும் வீடியோவாக இருந்தால் கணக்கு இன்னும் பல மடங்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு அனுப்பத் தடையே இல்லாமல் போயிற்று, போனின் கொள்ளளவு அதே வேகத்தில் வளரவில்லை. 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. இந்தியர்களின் போன்கள் ஏன் நிரம்பித் திணறுகின்றன என்று ஆராய்ந்த கூகுள், காலை வணக்கப் படங்களை ஒரு காரணமாகக் கண்டது என்பதே அந்தச் செய்தி. 2017 டிசம்பரில் வெளியான கூகுளின் ஃபைல்ஸ் கோ செயலியில், இந்தப் படங்களை இனம்கண்டு மொத்தமாக அழிக்க உதவும் வசதி சேர்க்கப்பட்டிருந்தது. சித்திகளின் ரோஜாக்களை அடையாளம் காண ஒரு மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டி வந்தது என்ற செய்தி உலகம் முழுவதும் சுற்றியது. அதுவரை வீட்டுக்குள் இருந்த கேலி அன்றிலிருந்து ஊர்ப் பேச்சானது.

அடுத்து, படம் மங்குவது. கேலி செய்கிறவர்கள் உடனே பிடித்துக்கொள்வது இதைத்தான்: பூவின் ஓரம் கட்டம் கட்டமாக, எழுத்து ரத்தம் கசிந்ததுபோல. இதற்குக் காரணம் தெளிவானது. ஒரு படத்தை நேராக ஃபார்வர்டு செய்தால் அது மங்காது. சேவையகத்தில் ஏற்கெனவே இருக்கும் அதே கோப்புதான் அடுத்தவருக்கும் போகிறது. ஆனால் கேலரியிலிருந்து எடுத்துப் புதிதாக அனுப்பினாலோ, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கும். இப்படிச் சுருக்கப் பயன்படும் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுட்பமான விவரங்களை விட்டுவிடும். வெளிச்ச அளவைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்ளும். நிறத்தையோ நாலு புள்ளிக்கு ஒன்று என்றுதான் பெரும்பாலும் வைக்கும். பச்சை இலைமேல் சிவப்பு எழுத்து என்றால் இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்று, நிறம் மட்டுமே வித்தியாசம். அந்த நிறம்தான் நாலில் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் சிவப்பு ரோஜாவும் சிவப்பு எழுத்தும் மற்ற படங்களைவிட முன்னதாகக் கசியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து பத்துக் கை மாறியும் படிக்கும்படி இருக்கும்.

நேராக ஃபார்வர்டு செய்யாமல் ஏன் கேலரி வழியாகப் போகிறார்கள்? வதந்திகளால் இந்தியாவில் உயிர்கள் போன பிறகு, 2018 ஜூலையில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில் இன்னொரு விதி வந்தது. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறியும் Forwarded many times என்ற முத்திரையும் விழும், அப்படி முத்திரை விழுந்ததை அப்போதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். வதந்திக்காகப் போட்ட வேலி பூவையும் தடுத்தது. ஆறு குழுவுக்கு அனுப்ப விரும்பும் பெரியப்பா ஆறு முறை அனுப்ப வேண்டும். கேலரியிலிருந்து அனுப்பினால் அது புதுப் படமாகக் கருதப்படும், முத்திரை விழாது, தான் தேடிப் பிடித்துப் போட்டதுபோலவும் இருக்கும். விலையாக ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். ஆகவே மங்கலான ரோஜா வந்தால், அது முத்திரை இல்லாமல் பல கேலரிகளைக் கடந்து வந்திருக்கிறது என்று பொருள்.

எழுத்துப் பிழைக்கும் இதேபோல ஒரு இயந்திரக் காரணம் உண்டு. "காலை" என்ற சொல்லில் ஐகாரக் குறி லகரத்துக்கு இடப்பக்கம் தெரிய வேண்டும். யுனிகோடில் லகரம்தான் முதலில் சேமிக்கப்படும், குறி அதற்குப் பின்னால். திரையில் வரையும்போது எழுத்துவடிவ இயந்திரம் அதை முன்னால் கொண்டுவந்து வைக்கும். இந்திய மொழிகளுக்கு அந்த வசதி சேர்க்கப்படாத படத்தயாரிப்புச் செயலிகளில் குறி லகரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். வாழ்த்தின் முதல் சொல்லே உடைந்து வருவது இதனால்தான். செய்தவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் அல்ல.

குடும்பக் குழுவில் உண்மையிலேயே காயம் உண்டாக்குவது வேறொரு பிழை. அதிகாலை 5.10க்கு ஒருவர், "மாமா இரவு தவறிவிட்டார்" என்று எழுதுகிறார். 5.35க்கு அதன் கீழே ஒரு சூரியகாந்தி: "மகிழ்ச்சியான நாளாக அமையட்டும்." அனுப்பியவர் கல்நெஞ்சர் அல்ல, அவர் அந்தக் குழுவைத் திறக்கவே இல்லை. யாருக்கு அனுப்புவது என்று கேட்கும் திரையில் குழுவின் பெயரும் உறுப்பினர் பெயர்களும்தான் இருக்கும், கடைசியாக அங்கே என்ன பேசினார்கள் என்பது தெரியாது. கேலரியிலிருந்து ஐந்து குழுக்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, படம் இருந்த இடத்துக்கே அவர் திரும்பிவிடுகிறார். உள்ளே போகாமலேயே அனுப்ப முடிகிற வசதிதான் இந்தப் பிழையின் வாசல்.

இதற்கு மருந்து எளிது. முதலில் பார்த்தவர், அனுப்பியவரைக் குழுவில் கண்டிக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் படத்தை அழுத்திப் பிடித்து Delete for everyone கொடுத்தால் எல்லார் போனிலும் மறையும். இதற்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அவர் போனை எடுக்கவில்லை என்றால் அட்மினே அந்தப் படத்தை நீக்க முடியும். துக்கச் செய்தி வந்த உடனேயே அட்மின் குழு அமைப்பில் செய்தி அனுப்பும் உரிமையைத் தமக்கு மட்டும் என்று மாற்றி வைத்து, காரியம் முடிந்த பின் திறந்துவிடும் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் இரங்கல் சொல்ல விரும்புகிறவர்களின் வாயையும் அது அடைத்துவிடும் என்பதால், காலை ஏழரை எட்டு மணிவரை மட்டும் மூடி வைப்பது நல்லது. பூக்கள் வரும் நேரம் அதற்குள் முடிந்துவிடும்.

கேலியில் தலைமுறை வித்தியாசமும் ஒரு பங்கு. சிவப்பு ரோஜாவை மாமனார் குழுவில் போடும்போது இருபது வயதுக்காரர்களுக்குச் சிரிப்பு வருகிறது, அவர்களுக்கு அது காதலர் தினப் பூ. மாமனார் தலைமுறைக்கு அது நேருவின் சட்டையில் இருந்த பூ, கல்யாணச் சந்தனத்தட்டில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பூ. ஒரே படத்தை இரண்டு அகராதிகளில் படிக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுத்தால் பெரியவர்கள் வெட்கப்பட்டு அனுப்புவதையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த இழப்புக்கு ஈடாக எதுவும் கிடைக்காது என்பதால் சொல்லாமல் இருப்பதே மேல்.

இடம் நிரம்புவதையும் சத்தத்தையும் அனுப்புகிறவருக்குத் தெரியாமலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டில் குழுவின் பெயரைத் தொட்டு உள்ளே போய் Media visibility என்பதில் No கொடுத்தால், இனி வரும் படங்கள் கேலரியில் குழந்தைகளின் படங்களோடு கலக்காது. இடம் பிடிப்பது மட்டும் தொடரும். அதற்கு வாட்ஸ்அப் அமைப்பில் Storage and data பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவிலும் வைஃபையிலும் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்த வேண்டும். அது எல்லா உரையாடல்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. மகளின் பள்ளிப் படமும் தொட்டால்தான் திறக்கும். ஏற்கெனவே சேர்ந்ததை அழிக்க அதே பகுதியில் Manage storage இருக்கிறது. அங்கே பல முறை ஃபார்வர்டு ஆனவை தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கும். கேலரி வழியாக வந்த பூக்கள் அந்தத் தொகுப்பில் அகப்படாது, அவற்றைக் குழுவாரியாகத்தான் பார்த்து எடுக்க வேண்டும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது சீமந்தப் படமும் வளைகாப்புப் படமும் சேர்ந்து போய்விடுகின்றன. பூக்கள் பெரும்பாலும் அதிகாலையிலும் விழாப் படங்கள் முற்பகலுக்குப் பிறகும் வந்திருக்கும் என்பதால், குழுவைத் திறந்து நேரம் பார்த்துக்கொண்டு அழிப்பதே பாதுகாப்பு.

குழுவை மியூட் செய்து ஆர்க்கைவிலும் போட்டுவிட்டால் சத்தமே இருக்காது. 2021க்குப் பிறகு, ஆர்க்கைவ் செய்த உரையாடல் புதுச் செய்தி வந்தாலும் மேலே எழுந்து வருவதில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. 42 பேரில் 30 பேர் இப்படிச் செய்திருந்தால், அத்தையின் ரோஜா வராத நாளை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். தனியாக வாழும் பெரியவர் உள்ள குடும்பத்தில், இரண்டு பேராவது "காலை எட்டுக்குள் அவர் படம் வந்ததா என்று நான் பார்க்கிறேன்" என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உள்ளூரிலும் மற்றவர் வேறு நேர மண்டலத்திலும் இருந்தால் இன்னும் நல்லது. வரவில்லை என்றால் முதலில் போன், எடுக்காவிட்டால் எதிர்வீட்டுக்காரருக்குப் போன். அந்த எதிர்வீட்டு எண்ணை இன்றே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.